கட்டுரைக்குக் கீழே ஐந்து வரி

மலர்க்குழுவில் இருந்து என்னை விலக்கியபோது ஒரு தம்பி சொன்னார்: "எழுதியவர் குறிப்பை எல்லாம் அவங்களே எழுதித் தந்துடுவாங்க ஐயா, நாம அப்படியே போட்டுக்கலாம்." நான் இத்தனை காலம் செய்த வேலை அவருக்கு அவ்வளவுதான். மலர் வந்தது. விருந்தினராக எழுதியவர்கள் எல்லாருமே தேசமான்ய, சமாதான நீதவான், பன்முக ஆளுமை. மஸ்கெலியாவில் இத்தனை ஆளுமைகள் இருப்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

இந்த வேலைக்கு என்னைப் பழக்கியவர் அட்டனில் அச்சகம் வைத்திருந்தவர். மெய்ப்பில் குறிப்பை மட்டும் தனியாகக் கிழித்து எடுத்து, "மேலே இருக்கிற கட்டுரையைப் பார்க்காம இதை வாசி. கட்டுரை எதைப்பத்தின்னு சொல்ல முடியுதா?" என்பார். முடியாவிட்டால் குறிப்பு குப்பைக்கு. இன்னொரு முறை எழுதுவேன், அதுவும் போகும். பக்கம் முடிக்க ஆட்கள் காத்திருந்தாலும் விடமாட்டார். ஒருமுறை அவர் கேட்டது சி.வி. வேலுப்பிள்ளையைப் பற்றி. தோட்டத்து மக்கள் பாடல்களைப் பற்றி வேலுப்பிள்ளை எழுதியிருந்தால் குறிப்பில் முதல் வரி என்ன? "1947 நாடாளுமன்றத்தில் தலவாக்கலை உறுப்பினர்" என்றேன். பென்சிலை மேசையில் போட்டுவிட்டார். பாட்டுக்கு எம்.பி. பதவி எதற்கு? மடக்கும்புர தோட்டத்தில் பிறந்து அந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர் என்பதல்லவா முதல் வரி! அடுத்தது, அவர் தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்'. அதே மனிதர் 1948 குடியுரிமைச் சட்டம் பற்றி எழுதினால், அந்த எம்.பி. பதவியும் தொழிற்சங்கமும் முதலில் வரவேண்டும். ஆள் ஒருவர்தான், குறிப்பு இரண்டு. எல்லா இடத்துக்கும் ஒரே குறிப்பை ஒட்டுகிற இன்றைய பிள்ளைகளுக்கு இது ஏறவே இல்லை.

எங்கள் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் 1969இல் மூழ்கியதைப் பற்றி ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் தந்த குறிப்பு அரைப் பக்கம். கலாபூஷணம், சமாதான நீதவான், நான்கு சங்கங்களின் போஷகர், பல நூல்களின் ஆசிரியர், சிறந்த பேச்சாளர். கீழே முகநூல், யூடியூப், மகனுடைய விடுதியின் முகவரி. கட்டுரையை நம்புவதற்கு இதில் எதுவும் உதவவில்லை. நகரம் போனபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். "அங்கதான் பிறந்தேன். கடைவீதியில எங்க அப்பா தையல்கடை வச்சிருந்தாரு. எனக்கு அப்ப பத்து வயசு" என்றார். தேவையானது வந்துவிட்டது. நான் எழுதியது இது:

"கட்டுரையாளர் பழைய மஸ்கெலியாவில் பிறந்தவர். 1969இல் நகரம் இடம் மாறியபோது பத்து வயது. தந்தை அங்கே தையல்கடை வைத்திருந்தார். தோட்டப் பாடசாலைகளில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவர். இவருடைய மகன் நீர்த்தேக்கக் கரையில் விடுதி நடத்துகிறார்."

கடைசி வரி ஏன் என்று பலர் கேட்டார்கள். தண்ணீர் வற்றும் காலத்தில் பழைய கோயில் தலைகாட்டும், அதைப் பார்க்க ஆட்கள் வரவேண்டும் என்று கட்டுரை சொல்கிறது. வருகிறவர்கள் தங்கினால் லாபம் அவர் வீட்டுக்கு. அதை நாம் முதலிலேயே சொல்லிவிட்டால் கட்டுரை தப்பும். வாசகன் பிறகு கண்டுபிடித்தால், தையல்கடையையும் நம்பமாட்டான். அதே காரணத்துக்காகத்தான் விடுதியின் முகவரியை எடுத்தேன். உறவைச் சொல்வது வேறு, விளம்பரம் வேறு.

மின்பதிப்பில் இணைப்பு ஒன்றே ஒன்று வைத்தேன். பழைய நகரத்தைப் பற்றி அவர் முன்பு எழுதிய கட்டுரை ஒரு சஞ்சிகையில் இருந்தது. அந்த இதழ் noolaham.org நூலகத்தில் வருடிச் சேர்க்கப்பட்டிருந்தது. நூலகத்தின் முகப்புக்கு அனுப்பினால் வாசகன் ஆயிரக்கணக்கான நூல்களுக்குள் தொலைந்துபோவான். ஆகவே அந்த இதழின் பக்கத்துக்கே கொடுத்து, 'இங்கே' என்று எழுதாமல் கட்டுரையின் பெயரிலேயே இணைத்தேன். முகநூலை விட்டேன், அங்கே பிறந்தநாள் வாழ்த்தும் மரண அறிவித்தலும்தான். 'தற்போது' என்று தொடங்கும் வரிகளையும் நான் சேர்ப்பதில்லை. மலர் பத்து வருஷம் அலமாரியில் இருக்கும், பதவி அதுவரை இருக்குமா? 'பல நூல்கள்' என்பதற்கும் அதே கதிதான். ஒரு நூலின் பெயரும் ஆண்டும் கொடுங்கள் என்றால் பாதிப்பேர் தொலைபேசியை வைத்துவிடுவார்கள்.

ஆசிரியர் கோபித்துக்கொண்டார். கலாபூஷணம் அரச விருது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. நாடகத்தைப் பற்றி எழுதியிருந்தால் அதைத்தான் முதலில் போட்டிருப்பேன். அவர் சமாதானமாகவில்லை. அடுத்த மலரில் அந்த அரைப் பக்கம் முழுசாக வந்தது, புகைப்படத்தோடு.

இப்போது கட்டுரை கேட்கும்போதே ஒரு படிவம் அனுப்புகிறார்கள். விருதுகளுக்கு எட்டு வரி. வகித்த பதவிகளுக்கு எட்டு வரி. எந்தத் தோட்டம் என்று கேட்க ஒரு வரி இல்லை.