வலிப்பது கண்தானா?

"கண் வலிக்குது" என்று வீட்டில் யாராவது சொன்னால், நாம் உடனே கண்ணைத்தான் பார்ப்போம். ஆனால் வலி பிறக்கிற இடம் ஒன்று, தெரிகிற இடம் வேறாக இருக்கலாம். என் ஓரகத்திக்கு அப்படித்தான் நடந்தது.

ஜலதோஷம் வந்து போனபின் இரண்டு வாரமாக அவளுக்கு இடது கண்ணின் பின்னால் ஒரே கனமான வலி. காலையில் எழுந்ததும் அதிகம். குனிந்து கோலம் போட்டால் கண்ணும் கன்னமும் வெடித்துவிடும் போலிருக்குமாம். கண்ணாடி பவர் மாறியிருக்கும் என்று கண் டாக்டரிடம் போனோம். அவர் பார்வையைச் சோதித்தார், கண்ணின் அழுத்தத்தை அளந்தார், சொட்டு மருந்து விட்டு உள்ளேயும் பார்த்தார். "கண்ணில் ஒன்றும் இல்லையம்மா. மூக்கு ஒரு பக்கம் மட்டும் அடைக்கிறதா? கெட்ட வாடை வருகிறதா?" என்று கேட்டார். "ஆமாம், இடது பக்கம்தான்" என்றாள். "அப்படியானால் முதலில் பல்லைக் காட்டுங்கள்" என்று அனுப்பிவிட்டார்.

பல் டாக்டர் மேல் பற்களை ஒவ்வொன்றாகச் சிறு கம்பியால் தட்டிக்கொண்டே வந்தார். எப்போதோ அடைத்து வைத்த கடைவாய்ப் பல்லில் தட்டியதும் துள்ளிவிட்டாள். எக்ஸ்ரேயில் வேரில் சீழ் கட்டியிருப்பது தெரிந்தது. கன்ன எலும்புக்குள் சைனஸ் என்ற காற்றறை இருக்கிறது. மேல் கடைவாய்ப் பற்களின் வேர் அதன் தரைக்கு ஒட்டினாற்போல் நிற்கும். நடுவில் மெல்லிய எலும்புதான். பல்லின் சீழ் சைனஸுக்குள் போய்விட்டது. வேர் சிகிச்சை செய்து, மருந்தும் சாப்பிட்ட பிறகு வலி படிப்படியாகக் குறைந்தது.

அது சரி, கண் ஏன் வலித்தது? முகத்தின் வலியை மூளைக்குக் கொண்டுபோவது ஒரே பெரிய நரம்புதான். அதற்கு மூன்று கிளைகள். ஒன்று கண்ணுக்கும் நெற்றிக்கும், ஒன்று கன்னத்துக்கும் மேல் பற்களுக்கும், மற்றொன்று கீழ்த் தாடைக்கும். எல்லாச் செய்தியும் ஒரே வழியில் போவதால், எந்தக் கிளையிலிருந்து வந்தது என்று மூளை சில சமயம் குழம்பிவிடுகிறது.

ஆகவே வலி சைனஸிலிருந்து வந்தால் பெரும்பாலும் கண் வெள்ளையாக இருக்கும். பார்வை பழையபடி இருக்கும். குனிந்தால் வலி கூடும். கன்னத்தை அழுத்தினால் நோகும். பல்லென்றால் சூடோ குளிர்ச்சியோ பட்டால், மென்றால், ஸ்பூன் காம்பால் மெதுவாகத் தட்டினால் ஒரு பல் மட்டும் சுருக்கென்று காட்டிக்கொடுக்கும்.

உண்மையான கண் நோய் வேறு மாதிரி. எதிர் வீட்டு மாமிக்கு அறுபது தாண்டியிருக்கும். ஒரு நாள் மாலை ஒரு கண்ணில் தாங்க முடியாத வலி, கூடவே வாந்தி. பித்தம் என்று சுக்குக் கஷாயம் வைக்கப் போனார்கள். ஆனால் கண் சிவந்து, பார்வை மங்கி, டியூப் லைட்டைச் சுற்றி வானவில் வளையம் தெரிகிறது என்று மாமி சொன்னதும் மகன் ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். கண்ணின் அழுத்தம் வழக்கமாக 10 முதல் 21 வரை இருக்க வேண்டுமாம். மாமிக்கு 50ஐத் தாண்டியிருந்தது. திடீர் கண் அழுத்த நோய். மருந்தால் அழுத்தத்தைக் குறைத்து, பிறகு லேசர் மூலம் கருவிழித்திரையில் சிறு துளை போட்டார்கள். மணிக்கணக்கில் தாமதித்தால்கூடப் பார்வை நரம்பு கெட்டுவிடும் என்றார் டாக்டர். வெளிச்சம் பட்டாலே கூசி வலிப்பதும், சிவப்பும் சேர்ந்தால் கண்ணுக்குள் அழற்சி இருக்கலாம். அதையும் உடனே காட்ட வேண்டும்.

கண் வெள்ளையாக இருந்தாலும் ஒன்றைச் சோதித்துவிடுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரிலிருக்கும் தினசரி காலண்டரைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மற்றக் கண். ஒரு பக்கம் மங்கலாகவோ நிறம் வெளுத்தோ தெரிந்தாலும், கண்ணைத் திருப்பும்போது வலித்தாலும், பார்வை நரம்பில் கோளாறு இருக்கலாம். சிவப்பில்லை என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

குழந்தைகளிடம் இன்னும் கவனம் தேவை. கண்ணுக்கும் மூக்கோர சைனஸுக்கும் நடுவில் காகிதம் போன்ற எலும்புதான். சளிக்குப் பின் காய்ச்சலோடு இமை வீங்கினால், கண் முன்னே தள்ளினால், அசைக்க முடியாவிட்டால், எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தால், சைனஸ்தானே என்று ஆவி பிடித்துக்கொண்டு இருக்காதீர்கள். விடியும் வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.