சரிங்க, சரிப்பா, சரிடா

‘கட்டுரைய அனுப்பு’ என்று ஒரு தோழிக்குச் செய்தி போட்டால் அது கட்டளை. ‘கட்டுரைய அனுப்புடா’ என்று போட்டால் கட்டளையின் முனை மழுங்கிவிடுகிறது. அகராதியைக் கேட்டால் ‘டா’ மரியாதை குறைந்த விளி என்றுதான் சொல்லும். ஆனாலும் கைப்பேசித் திரையில் வெறும் ‘அனுப்பு’தான் முகத்தில் அடிக்கிறது. நேரில் பேசும்போது சிரிப்பும் குரலும் செய்கிற வேலையைத் திரையில் இந்த ஓர் எழுத்தும் ஒன்றரை எழுத்தும் செய்ய வேண்டியிருக்கிறது.

கிள்ளானில் மாதம் ஒருமுறை கூடும் சிறிய வாசிப்புக் குழு ஒன்றின் புலனக் குழுவை நான் பார்த்துக்கொள்கிறேன். 17 பேர். ஆறாம் படிவம் முடித்த பையன் ஒருவன் இருக்கிறான். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் இருக்கிறார். புத்தகம் படிச்சாச்சா, கட்டுரை எங்கே, யார் காரில் யார் வருகிறார்கள் என்று எல்லாரையும் ஓயாமல் நச்சரிப்பது என் வேலை. நச்சரிப்பவளுக்கு ஈற்றெழுத்துதான் முதலீடு. அதனால் இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன்.

முதலில் இதன் இலக்கணம். ‘டா’வுக்கு ‘நீ’யோடுதான் உறவு. ‘வாடா’ ஒருவருக்கு. ‘வாங்கடா’ என்றால் அதில் இருக்கும் ‘ங்க’ மரியாதை இல்லை, பன்மை. ஒரு கூட்டத்தையே கூப்பிடுகிறோம். ‘ப்பா’வும் ‘ம்மா’வும் அப்படி இல்லை. அவை ‘நீ’யோடும் போகும், ‘நீங்க’வோடும் போகும். ‘சொல்லும்மா’ என்று மகளிடம் சொல்லலாம். ‘சொல்லுங்கம்மா’ என்று வங்கி முகப்பில் நிற்கும் மூதாட்டியிடமும் சொல்லலாம். அதிலும் ‘ப்பா’வுக்கு இன்னொரு வசதி. அது எப்போதும் ஆண்பாலைப் பார்த்து நிற்பதில்லை. ‘போப்பா, உனக்கு வேற வேல இல்ல’ என்று இரண்டு பெண்கள் பேசிக்கொள்வது சாதாரணம். ஆக ‘வாங்க’வுக்கும் ‘வாடா’வுக்கும் நடுவே ‘ப்பா’ ஒரு பாலம்.

அந்தப் பாலத்தில் எப்படி நடப்பது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். குழுவை என்னோடு சேர்ந்து நடத்தும் தோழி கிட்டத்தட்ட என் வயதுதான். ஆனால் அறிமுகமானது மின்னஞ்சலில் என்பதால் ‘வணக்கம், பட்டியல அனுப்பிடுறீங்களா’ என்றுதான் தொடங்கியது. நல்ல ‘ங்க’. மூன்று மாதம் கழிந்ததும் அந்த ‘ங்க’ கொஞ்சம் இறுக்கமாகத் தெரிந்தது. அதற்காகத் திடீரென்று ஒரு நாள் ‘பட்டியல அனுப்புப்பா’ என்று கேட்க முடியாது. கேட்கிற வாக்கியத்தில் வினை வந்துவிடும். வினை வந்தால் ‘நீ’யா ‘நீங்க’வா என்று அங்கேயே முடிவு செய்தாக வேண்டும். கோரிக்கையும் உரிமையும் ஒரே செய்தியில் வந்தால், உரிமையை எடுத்துக்கொண்டு வேலை வாங்குவது போல ஆகிவிடும்.

முன்னிலையே இல்லாத வாக்கியம் ஒன்று கிடைத்தால் போதும். ஒரு சனிக்கிழமை நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டு ‘ஐயோ, பயங்கர ஜேம்ப்பா இங்க’ என்று போட்டேன். இதில் அவரைப் பற்றி ஒன்றுமே இல்லை. ஜேம் மீதுதான் புகார். ஆனால் ‘ப்பா’ அவர் காதில் விழுந்துவிடும். இதற்கு ‘அப்படிங்களா, மெதுவா வாங்க’ என்று பதில் வந்திருந்தால் நான் பழைய இடத்திலேயே நின்றிருப்பேன். யாருக்கும் சங்கடம் இல்லை. வந்தது ‘இங்கயும் மழைப்பா’. அதற்குப் பிறகும் ‘நீ’ போட நான் அவசரப்படவில்லை. வினையில் ‘ங்க’வும் மற்ற இடங்களில் ‘ப்பா’வுமாகச் சில வாரங்கள் ஓடின. பிறகு அவரே ‘எத்தன மணிக்கு வர்ற?’ என்று கேட்டார். அவர் அன்றைக்கு ‘அவள்’ ஆனாள்.

‘டா’ வந்தது அதற்கும் மிகவும் பின்னால். எனக்குக் காய்ச்சல், கூட்டத்தை அவளே நடத்தி முடித்திருந்தாள். ‘தேங்க்ஸ்டா’ என்று போட்டேன். முதல் ‘டா’வை நன்றியில் வைப்பது நல்லது; ஆறுதலிலும் வைக்கலாம். அங்கே அது கொடுக்கிற கையில் இருக்கிறது. கோரிக்கையிலோ குறை சொல்லும்போதோ முதல் ‘டா’ வந்தால் அது அதட்டலாகத்தான் கேட்கும். ஒரு முறை நிலைத்துவிட்ட பிறகு எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

பெண்ணுக்குப் பெண் ‘டா’ போடுவதைக் கேட்டுச் சில பெரியவர்கள் முகம் சுளிப்பதுண்டு. ‘டி’ இருக்கும்போது ‘டா’ எதற்கு என்பார்கள். நெருக்கமான விளி பால் தாண்டுவது நம் தலைமுறை கண்டுபிடித்தது இல்லை. தொல்காப்பியத்தின் பொருளியல், உரிமை பற்றி இருபாலுக்கும் வரும் பொதுச்சொல் ஒன்றைக் குறிப்பிடுகிறது. உரையாசிரியர்கள் அதற்கு ‘எல்லா’ என்ற விளியைக் காட்டுகிறார்கள். தோழன், தோழி இருவரையும் ‘எல்லா’ என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இன்று என் தலைமுறைப் பெண்களுக்கு ‘டா’ அந்த இடத்துக்கு வந்திருக்கிறது. ‘டி’யில் கொஞ்சம் சீண்டல் இருக்கிறது. ‘அழாதடா’வில் இருக்கும் தணிவு ‘அழாதடி’யில் எனக்குக் கிடைப்பதில்லை.

இடமும் முக்கியம். இந்த எழுத்து வாக்கியத்தின் கடைசியில் இருந்தால் தணிக்கும், முன்னால் வந்தால் பிடிக்கும். ‘ஏன் லேட்டுடா?’ என்பது விசாரிப்பு. ‘ஏன்டா லேட்டு?’ என்பது விசாரணை. ‘டேய், ஏன்டா லேட்டு?’ என்று இரண்டையும் போட்டால், பக்கத்தில் சிரிக்கும் முகம் ஒன்றை ஒட்டினால்தான் தப்பிக்கலாம். ஒரே செய்தியில் இரண்டு முறைக்கு மேல் வந்தால் சண்டைபோல ஆகிவிடும்.

‘ம்மா’வின் கதை வேறு. அது மேலேயும் போகும், கீழேயும் போகும். சமமாகப் போகும்போதுதான் சிக்கல். எங்கள் ஆசிரியை ‘பசியாறிட்டியாம்மா?’ என்று கேட்டால் வயிறு நிறைந்துவிடும். என் கவிதை ஒன்று வெளியானபோது, முன்பின் தெரியாத, என் வயதே இருக்கும் ஒருவர் எழுதினார்: ‘நல்லா முயற்சி பண்றம்மா. இன்னும் நெறைய படிக்கணும்மா.’ இரண்டு ‘ம்மா’வில் அவருக்கு இருபது வயது கூடிவிட்டது. அதே கருத்தை ‘இன்னும் நெறைய படிக்கணுங்க’ என்று சொல்லியிருந்தால் விமர்சனமாக எடுத்துக்கொண்டிருப்பேன். இதற்குச் சண்டை போட வேண்டியதில்லை. ‘நன்றிங்க, நீங்க சொன்னத யோசிக்கிறேங்க’ என்று மூன்று ‘ங்க’ வைத்தேன். ‘ங்க’ மரியாதை மட்டும் இல்லை, கதவும்கூட. அடுத்த செய்தியில் அவரும் ‘சரிங்க’ என்றார்.

எங்கள் குடும்பக் குழுவில் தாத்தாவும் இருக்கிறார். கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பேரப்பிள்ளைகளை ‘ஐயா’, ‘ஆயா’ என்றுதான் கூப்பிடுவார். கோபத்தில்கூட ‘டா’ வராது. ஒருமுறை என் தம்பியின் குரல் பதிவைக் கேட்டுவிட்டு, ‘அக்காவ டாங்கிறான், நீயும் சிரிக்கிற’ என்று வருத்தப்பட்டார். அது பாசம் தாத்தா என்றேன். அவர் சொன்னார்: ‘பெரட்டுல தண்டல் எங்க பேரச் சொல்லி கூப்ட மாட்டான் ஆயா. டேய்தான். எங்கப்பாவுக்கும் டேய், எனக்கும் டேய். நாங்க திருப்பிச் சொல்ல முடியுமா?’

அவர் கடைசியில் கேட்ட கேள்விதான் இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்த ஒரே நல்ல அளவுகோல். 1960இல் ரோஜர் பிரவுனும் ஆல்பர்ட் கில்மனும் ஐரோப்பிய மொழிகளின் ‘நீ – நீங்க’ பற்றி எழுதிய கட்டுரையிலும் இதே பிரிப்புதான் இருக்கிறது: இருபக்கமும் ஓடும் ‘நீ’ தோழமை, ஒருபக்கம் மட்டும் ஓடுவது அதிகாரம். ‘நீங்க’விலிருந்து ‘நீ’க்கு மாறலாம் என்று முதலில் சொல்லும் உரிமை மேலே இருப்பவருக்குத்தான் என்றும் அவர்கள் எழுதினார்கள். தாத்தா அந்தக் கட்டுரையைப் படித்ததில்லை. பெரட்டில் நின்றிருக்கிறார்.

ஆறாம் படிவம் முடித்த பையன் என்னை ‘அக்கா’ என்கிறான். நான் ‘டா’ போட்டால் அவனால் திருப்பிப் போட முடியாது. அதனால் வேலை சொல்லும்போது ‘நாற்காலி எடுத்து வச்சிடுப்பா’ என்கிறேன். பல்கலைக்கழக இடம் கிடைக்கவில்லை என்று அவன் எழுதிய அன்று மட்டும் ‘பரவால்லடா, மேல்முறையீடு இருக்கு’ என்றேன். அக்கா தம்பிக்குச் சொல்லும் ‘டா’ அது. வேலை வாங்கும் இடத்தில் அதைச் செலவழிக்க மனம் வருவதில்லை.

எதுவுமே ஒத்துவராத இடங்களில் நமக்கு ‘லா’ இருக்கிறது. ‘வாங்கலா’, ‘வாலா’, ‘இல்லலா’. வயது பார்க்காது, பால் பார்க்காது, ‘நீ’யோடும் ‘நீங்க’வோடும் ஒட்டும். புதிதாகச் சேர்ந்தவரைத் தளர்த்த நான் முதலில் எடுப்பது அதைத்தான். ஆனால் அது யாரையும் உறவாக்காது. பக்கத்து மேசைக்காரரிடம் சிரித்துப் பேசும் அளவுக்கான நெருக்கம், அவ்வளவுதான். எழுத்துத் தமிழில் கறாராக இருப்பவர்களுக்கு அது பிடிக்காது என்பதால் ஆசிரியையிடம் மட்டும் போடுவதில்லை.

பழகிய எழுத்து ஒரு நாள் காணாமல் போனாலும் அது செய்திதான். போன மாதம் தோழிக்கு ‘ஞாயிறு மூணு மணிக்கு ஓகேவாடா?’ என்று போட்டேன். ‘சரி’ என்று பதில் வந்தது. ‘சரிடா’ இல்லை, ‘சரிப்பா’வும் இல்லை. கோபமா என்று முந்தைய செய்திகளை மேலே தள்ளிப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. எழுதிக் கேட்டால் ‘ஒன்னுமில்ல’ என்றுதான் வரும் என்பதால் கூப்பிட்டேன். அம்மாவை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ‘எப்படித் தெரியும்?’ என்று கேட்டாள். ‘நீ சரின்னு மட்டும் போட்டியே’ என்றேன்.