பச்சை மையில் போட்ட சரிக்குறி

2018ஆம் ஆண்டு கண்டி நகரில் ஒரு புடவைக் கடையின் கணக்காய்வுக்கு நான் போனேன். கடையின் பெயர் வேண்டாம். முப்பத்தொரு ஊழியர்கள். பாதிப் பேர் கலஹா, புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வந்து நின்றபடி வேலை செய்யும் பெண் பிள்ளைகள். சம்பளக் கோப்பு என் பொறுப்பு. அதில் நான் செய்ததையும் செய்யாமல் விட்டதையும்தான் எழுதுகிறேன்.

எங்கள் வேலை வழக்கம் இதுதான். சம்பளப் பட்டியலில் ஐந்தாறு பெயரைப் பொறுக்கி எடுப்போம். அடிப்படைச் சம்பளத்தில் ஈபிஎப்புக்கு ஊழியரிடம் 8 வீதம் பிடித்திருக்கிறதா, முதலாளி பங்கு 12 வீதம் சேர்ந்திருக்கிறதா, ஈடிஎப்புக்கு முதலாளி 3 வீதம் போட்டிருக்கிறாரா என்று கல்குலேட்டரில் தட்டுவோம். சி படிவத்தின் மொத்தத்தைக் காசோலைத் தொகையோடு ஒப்பிடுவோம். சரியென்றால் பச்சை மையில் குறி. ஒரு மாதத்துக்குப் பத்து நிமிடம் போதும். அன்றைக்கு எல்லாம் ஒரு சதமும் பிசகாமல் பொருந்தியது.

பொருந்தாமல் எப்படிப் போகும்? அடிப்படைச் சம்பளம் என்ற பத்தியை அவர்களே எழுதி, அதிலிருந்து அவர்களே வீதம் கணக்கிட்டிருந்தார்கள். நான் அதே பத்தியை எடுத்து அதே பெருக்கலைத் திரும்பச் செய்தேன். பிழையான எண்ணை இரண்டு பேர் பெருக்கினாலும் விடை ஒன்றாகத்தான் வரும்.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் வீதம் போடச் சொல்வது அடிப்படைச் சம்பளத்தில் அல்ல, 'உழைப்பு வருமானத்தில்'. வாழ்க்கைச் செலவுப் படியும் சாப்பாட்டுக் காசும் அதற்குள் வரும். 2005இலும் 2016இலும் தனிச் சட்டங்களால் வந்த வரவுசெலவுத் திட்ட நிவாரணப் படிகள் ஆயிரமும் இரண்டாயிரத்து ஐந்நூறுமாக மொத்தம் 3,500 ரூபா, அவையும் அன்றைக்கு அதற்குள் வந்தன. மேலதிக நேரக் கொடுப்பனவு வராது. இது எனக்குத் தெரியாத சட்டம் இல்லை, பரீட்சைக்குப் படித்தது.

அந்தப் பட்டியலில் ஒரு பிள்ளையின் வரி இப்படி இருந்தது: அடிப்படை 14,000. நிவாரணப் படி 3,500. வாழ்க்கைச் செலவுப் படி 3,000. சாப்பாடு 2,500. மொத்தம் 23,000. ஈபிஎப்புக்குப் போனது 14,000இன் 20 வீதம், 2,800 ரூபா. போயிருக்க வேண்டியது 4,600. ஈடிஎப் 420 போனது, 690 போயிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து மாதம் 2,070 ரூபா குறை.

அந்தப் படிகளின் பத்தி என் கண்ணில் படவில்லை என்றால் பொய். பட்டது. கடைக் கணக்காளரிடம் கேட்டேன். "அது அலவன்ஸ்தானே தம்பி, ஈபிஎப்புக்குச் சேராது. போன வருசமும் உங்கட ஆக்கள்தான் பாத்தது" என்றார். போன வருடக் கோப்பைத் திறந்தேன், அதிலும் பச்சைக் குறி. மூத்தவர் ஒருவர் போட்ட குறி. அதைப் பார்த்ததும் எனக்கு உண்மையில் ஒரு நிம்மதி வந்தது. பிழை என்றால் அது அவருடையது, நான் தொடர்ந்ததுதான் என்று. பிளேன்டீ வந்தது, குடித்தேன், அடுத்த மாதத்துக்குப் போனேன்.

ஒரே ஒரு வகுத்தல் செய்திருந்தால் போதும். ஜனவரி மாதம் மேலதிக நேரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மொத்தச் சம்பளம் 748,000 ரூபா, ஈபிஎப் காசோலை 91,200. வகுத்தால் 12.2 வீதம். 20க்குப் பக்கத்தில் வரவேண்டிய எண் 12இல் நிற்கிறது என்றால் எங்கோ ஒரு பத்தி விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம். பெயர் பெயராகப் பார்க்கவே தேவையில்லை. இப்போது எந்தச் சம்பளக் கோப்பைத் தொட்டாலும் முதலில் இதைத்தான் செய்கிறேன். அன்றைக்குச் செய்யவில்லை.

திகதியிலும் இதே கதை. ஒரு மாதத்துப் பணம் அடுத்த மாத முடிவுக்குள் போய்ச் சேரவேண்டும். ஜனவரிப் பணத்துக்குக் காசோலையில் பெப்ரவரி 28 என்று இருந்தது, காசேட்டிலும் அதே திகதி. நான் அதைப் பார்த்துக் குறி போட்டுவிட்டேன். பிறகு வங்கிக் கூற்றைப் புரட்டும்போது பணம் கழிந்தது மார்ச் 19 என்று தெரிந்தது. கேட்டதற்கு, "திகன பிரச்சினை, ஊரடங்கு, யார் பேங்குக்குப் போறது?" என்றார் கணக்காளர். தலையாட்டினேன். அந்த மார்ச்சைக் கண்டியில் யாரும் மறக்கவில்லை, அதனால் அந்தச் சாட்டைச் சொன்னதும் வாய் அடைத்துவிடும். ஆனால் கலவரம் வெடித்தது மார்ச் முதல் வாரத்தில். பணம் போகவேண்டிய நாள் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. கலண்டரை ஒருமுறை பார்த்திருக்கலாம். பத்து நாளுக்கு மேல் ஒரு மாதத்துக்குள் பிந்தினால் 15 வீதம் மேலதிகக் கட்டணம், 13,680 ரூபா. அந்தப் பொறுப்பு கணக்கில் எங்குமே காட்டப்படவில்லை. காசோலையை எழுதி மேசைக்குள் வைத்துக்கொள்வது பழைய வித்தை. எழுதிய திகதி எதையும் காட்டாது, வங்கி கழித்த திகதிதான் சாட்சி.

கண்டி, மாத்தளைப் பக்கத்து அரச தோட்டங்களின் ஈபிஎப் நிலுவை பாராளுமன்றம் வரைக்கும் போன கதை. அங்கே பணமே கட்டப்படவில்லை, அதனால் எல்லோருக்கும் தெரிந்தது. இங்கே மாதா மாதம் பணம் போகிறது, சி படிவம் போகிறது, மத்திய வங்கிக் கணக்கில் அந்தப் பிள்ளையின் பெயரில் ஏதோ ஏறுகிறது. குறைவாக ஏறுகிறது என்று அவளுக்கு யார் சொல்வது? சொல்லச் சம்பளம் வாங்கியவன் நான்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு ஒரு நாள், மஹியாவையில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஒரு பிள்ளையைக் கூட்டி வந்தார். கல்யாணத்துக்காக வேலையை விட்டவள். கல்யாணம் செய்து வேலையை விடும் பெண்கள் ஐம்பது வயதுவரை காத்திராமல் ஈபிஎப்பை எடுக்கலாம், அதற்குக் கே படிவம் நிரப்ப வேண்டும். "தம்பி கணக்குப் படிச்சவர், பாத்துக் குடுங்க" என்றார் அக்கா. கடையின் பெயரைப் படிவத்தில் பார்த்ததும் எனக்குப் பேனா ஓடவில்லை.

அவள் சம்பளச் சிட்டைகளை ஒரு சொப்பிங் பேக்கில் வைத்திருந்தாள். 2016 ஏப்ரலிலிருந்து 2019 மார்ச் வரை முப்பத்தாறு, ஒன்றும் தவறாமல், மாத வரிசையில். மூன்று வருடமும் 23,000தான், ஏறவே இல்லை. கணக்குக் கூற்றில் மாதம் 2,800. ஒரு மாதத்துக்கு 1,800 குறை. முப்பத்தாறு மாதத்துக்கு 64,800. ஈடிஎப்பில் இன்னும் 9,720. வட்டியைச் சேர்க்கவில்லை. கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். அவள் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தொழில் திணைக்களத்தில முறைப்பாடு குடுங்க. இந்தச் சிட்டையெல்லாம் கொண்டு போங்க, மூலப் பிரதியைக் கையை விட்டுக் குடுக்காதீங்க, போட்டோக் கொப்பி மட்டும் குடுங்க" என்றேன். நல்ல ஆலோசனைதான். ஆனால் முன்பின் தெரியாதவன் சொல்வது போலச் சொன்னேன். முறைப்பாட்டுக் கடிதத்தையும் நானே எழுதிக் கொடுத்தேன், எந்தெந்தப் படி சேரவேண்டும் என்று பந்தி பந்தியாக. ஒரு வருடத்துக்கு முன் கோப்பில் எழுதியிருக்க வேண்டிய அதே பந்திகள்.

எழும்பும்போது கேட்டாள்: "சேர், வருசா வருசம் கடைக்கு ஓடிட் பண்ண ஆக்கள் வருவாங்களே. அவங்க இதைப் பாக்க மாட்டாங்களா?"

"பாப்பாங்க. சில நேரம் விடுபட்டுப் போகும்" என்றேன்.

அக்கா எனக்குப் புண்ணியம் கிடைக்கும் என்றார். அவர்கள் படியிறங்கிப் போகும் வரைக்கும் நான் வாசலில் நின்றேன், கூப்பிட்டுச் சொல்லலாம் என்று. கூப்பிடவில்லை.