ரிசல்ட் வருவதற்கு முன்பே ஒரு மாத்திரை

வேலூர் மாவட்டத்தில் ஒரு கிராமம். ஐப்பசி மழை ஓய்ந்ததும் வரப்பெல்லாம் புல் மண்டிக் கிடந்தது. இரண்டு மாடு வைத்திருக்கும் அந்த 52 வயது அம்மா, தினமும் காலையில் அங்கேதான் உட்கார்ந்து புல் அறுப்பார். பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது.

'மழையில நனைஞ்சதுதான்' என்று முதல் இரண்டு நாள் கஷாயத்தில் போனது. மூன்றாம் நாள் பக்கத்து கிளினிக்கில் ஓர் ஊசியும் அமாக்ஸிசிலின் மாத்திரையும் கொடுத்தார்கள். காய்ச்சல் அசையவில்லை. தலை பிளக்கிற வலி, உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி. டெங்குவாக இருக்குமோ என்று பயந்து பரிசோதித்தார்கள். இல்லை என்று வந்தது. ஆறாம் நாள் மகனும் மருமகளும் நகரத்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள்.

அங்கிருந்த பெண் டாக்டர் முதலில் கேட்டது, "சமீபத்துல புல்லு, புதர்ப்பக்கம் போனீங்களாம்மா?" என்பதுதான். பதிலைக் கேட்டதும் திரையை இழுத்துவிட்டு, உடம்பு முழுக்கப் பார்க்க வேண்டும் என்றார். "அங்கெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டரம்மா" என்று அந்த அம்மா கூச்சப்பட்டார். மருமகள் கையைப் பிடித்துக்கொள்ள, டாக்டர் அக்குள், மார்பின் கீழ்ப்பகுதி, இடுப்பு, தொடை இடுக்கு என்று பொறுமையாகப் பார்த்தார். பாவாடை நாடா கட்டும் இடத்துக்குக் கீழே இருந்தது அது. சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு, சுற்றிலும் லேசான சிவப்பு. வலியோ அரிப்போ இல்லாததால் அவருக்கே தெரியவில்லை.

அது ஸ்கிரப் டைஃபஸ். ஊரில் உண்ணிக் காய்ச்சல் என்பார்கள். ஆனால், மாட்டின் மேல் ஒட்டியிருக்கும் பெரிய உண்ணி இதற்குக் காரணமில்லை. புல்லிலும் புதரிலும் இருக்கும், கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு கடிப்பதால் வருவது. துணி இறுக்கிப் பிடிக்கும் இடங்களிலும் மடிப்புகளிலும்தான் அது அதிகம் கடிக்கும்.

டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். கையோடு டாக்ஸிசைக்ளின் மாத்திரையும் எழுதினார்: 100 மில்லிகிராம், காலையும் இரவும், ஏழு நாள்.

மகனுக்குச் சந்தேகம். "ரிசல்ட் வந்தப்புறம் ஆரம்பிச்சா போதாதா மேடம்?"

"இந்த டெஸ்ட் கிருமியைத் தேடறது இல்லப்பா. கிருமியை எதிர்த்து உடம்பு தயாரிக்கிற பொருளைத் தேடுது. அது தெரிய ஒரு வாரம்கூட ஆகும். அதுக்கும் முன்னாடி எடுத்தா, நோய் இருந்தும் 'இல்லை'ன்னு வரலாம்" என்றார் அவர்.

காத்திருப்பதில் என்ன ஆபத்து? இந்தக் கிருமி ரத்தக் குழாய்களின் உட்சுவர் செல்களுக்குள் புகுந்து பெருகும். முதல் வாரத்தில் சாதாரணக் காய்ச்சல் போலத்தான் இருக்கும். இரண்டாம் வாரத்தில் குழாய்ச் சுவர் பழுதாகிக் கசிய ஆரம்பித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை எல்லாம் பாதிக்கப்படலாம். அமாக்ஸிசிலின் போன்றவை செல்லுக்குள் ஒளிந்திருக்கும் இந்தக் கிருமியிடம் பலிப்பதில்லை. டாக்ஸிசைக்ளின் செல்லுக்குள் நுழைந்து, கிருமி புரதம் தயாரிப்பதைத் தடுத்துவிடும். மழைக்காலத்தில் தேங்கிய நீர் வழியே வரும் எலிக்காய்ச்சலும் இதே போலத்தான் ஆரம்பிக்கும். ஆரம்ப நிலையில் அதற்கும் இந்த மருந்து கேட்கும்.

மாத்திரையை நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், உடனே படுக்கக் கூடாது, பாலோடு சாப்பிடக் கூடாது என்று நர்ஸ் சொன்னார். இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். பால் மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும்.

"ரெண்டு நாள்ல காய்ச்சல் இறங்கணும். இறங்கலைன்னா வேற நோயான்னு பார்க்கணும். மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, சிறுநீர் குறைஞ்சாலோ உடனே வந்துடுங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் இரவு அந்த அம்மாவுக்கு வியர்த்தது. அதற்கடுத்த நாள் காலை, "ரசம் சோறு இருக்கா?" என்று கேட்டார். அன்று மதியம்தான் ரிசல்ட் வந்தது: 'நெகட்டிவ்'.

மகன் பதறிப்போய் போன் செய்தார். மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்றார் டாக்டர். ஒரு வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தபோது 'பாசிட்டிவ்' வந்தது.

எல்லாருக்கும் அந்தக் கறுத்த பொருக்கு இருப்பதில்லை. அதனால் டாக்டர்கள் புல், புதர், வயல் என்ற கேள்வியையும் காய்ச்சலின் நாள் கணக்கையும் வைத்தே சந்தேகப்படுகிறார்கள். கர்ப்பிணிகளுக்குப் பெரும்பாலும் அஸித்ரோமைசின் தருவார்கள். நோய் முற்றியவர்களுக்கு இந்த இரண்டையும் சேர்த்து நரம்பில் ஏற்றுவது நல்லது என்று, வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-ல் காட்டியது. எனவே மருந்துக்கடையில் தானாக வாங்கிப் போடுகிற மாத்திரை அல்ல இது.

இப்போதும் அந்த அம்மா புல் அறுக்கப் போகிறார். ஆனால் தரையில் உட்காருவதில்லை. வீட்டுக்கு வந்ததும் புடவையை வெந்நீரில் நனைத்துவிட்டு, சோப்பு போட்டுக் குளிக்கிறார். குளிக்கும்போது நாடா கட்டும் இடத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்கிறார்.