அம்மம்மாவின் கண்ணாடியை உடைத்தது ஆர்?

வடமராட்சியில் ஒரு சனசமூக நிலையத்தில் சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளோடு கதை, விளையாட்டு, படம் என்று பொழுதைக் கழிப்பது எங்கள் நாலுபேரின் வழக்கம். பெரும்பாலும் தரம் ஒன்று, இரண்டு படிக்கிற பிள்ளைகள். ஒருநாள் ‘நேர்மை’ பற்றிச் செய்வம் என்று முடிவெடுத்தோம். விறகுவெட்டி, தங்கக் கோடரி, தேவதை. கதையைச் சொன்னோம், நடிக்கவிட்டோம், “உண்மை பேசுவது என்றால் என்ன? படம் கீறுங்கோ” என்றோம்.

பதினைந்து பிள்ளைகள். பதினைந்து தாளிலும் ஆறு, கோடரி, தேவதை. ஒருத்தரும் பிழை விடவில்லை. அதுதான் எங்களை யோசிக்க வைத்தது. எல்லாப் படமும் ஒரே மாதிரி இருந்தால் பிள்ளைகள் தங்களைக் கீறவில்லை, எங்களுக்கு வேண்டிய விடையைக் கீறியிருக்கினம்.

அடுத்த கிழமை கதையை மாற்றினோம். வீட்டுக்குள் பந்து அடிக்கையில் அம்மம்மாவின் மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது. பிள்ளை, அம்மா, அம்மம்மா என்று மூன்று பாத்திரங்கள். வசனம் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை.

“ஆர் உடைச்சது? உண்மையைச் சொன்னா அடிக்க மாட்டன்” என்றாள் அம்மாவாக நடித்தவள்.

“நான்தான் அம்மா.”

சொல்லி வாய் மூடமுன்னம் அம்மா மேசையில் கிடந்த அடிமட்டத்தை எடுத்துவிட்டாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாங்கள் “அடிக்க மாட்டன் எண்டெல்லோ சொன்னனீங்கள்?” என்று கேட்டதற்கு, பார்த்துக்கொண்டிருந்த ஒரு பொடியன் சாதாரணமாகச் சொன்னான்: “அப்பிடிச் சொல்லிப்போட்டுத்தானே எல்லாரும் அடிக்கிறவை.”

உண்மை பேச வேண்டும் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். உண்மை பேசினால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். நாங்கள் முதலாவதை மட்டுமே படிப்பித்துக்கொண்டிருந்தோம்.

பிறகு தேடி வாசித்தபோது கனடாவில் காங் லீயும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்து 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வு கிடைத்தது. மூன்று முதல் ஏழு வயதுப் பிள்ளைகளிடம், பின்னால் இருக்கிற விளையாட்டுப் பொருளைத் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் வெளியே போவார். திரும்பி வந்து ஒரு கதை வாசித்துவிட்டு, “பார்த்தனீங்களா?” என்று கேட்பார். பொய் சொல்லி மூக்கு நீண்ட பினோக்கியோ, ஓநாய் வருகுது என்று பொய் சொன்ன இடையன் ஆகிய கதைகளைக் கேட்ட பிள்ளைகள் கூடுதலாக உண்மை சொல்லவில்லை. செர்ரி மரத்தை வெட்டியதை ஒத்துக்கொண்டு அப்பாவிடம் பாராட்டு வாங்கிய சிறுவன் ஜோர்ஜ் வாஷிங்டன் கதையைக் கேட்டவர்களே கூடுதலாக உண்மை சொன்னார்கள். அதே கதையின் முடிவைக் கெட்டதாக மாற்றியதும் அந்தப் பலன் போய்விட்டது. இதில் ஒரு வேடிக்கை, அந்தச் செர்ரி மரக் கதையே ஒருவர் கட்டிவிட்ட கதை.

நடிப்பில் பலன் இருக்கிறதா என்ற சந்தேகத்துக்கு எங்கள் பக்கமே பதில் உண்டு. வி. வி. வைரமுத்துவின் அரிச்சந்திர மயான காண்டத்தை விடிய விடியப் பார்த்த ஊர் இது. சின்ன வயதில் அரிச்சந்திரன் நாடகம் பார்த்த காந்தி, அதைத் தனக்குள் எத்தனையோ தடவை நடித்துப் பார்த்ததாகச் சத்திய சோதனையில் எழுதுகிறார். ஆனால் அரிச்சந்திரன் உண்மைக்காக எல்லாத்தையும் இழக்கிறவன். ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்த விலை பெரிசு. அதனால் கண்ணாடியோடேயே நின்றோம்.

மூன்றாம் கிழமை அதே காட்சியை மூன்று விதமாகச் செய்தோம். முதலில் பிள்ளை “பூனைதான் தட்டினது” என்கிறது. அம்மம்மாவோ கண்ணாடியைக் காணாமல் பேப்பரைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துத் தடவிக்கொண்டு இருக்கிறா. இரண்டாவதில் உண்மை சொல்லி அடி வாங்குகிறது. மூன்றாவதில் அம்மா மூச்சை இழுத்துவிட்டு, “சொன்னது நல்லது. இப்ப அம்மம்மாவுக்கு என்ன செய்வம்?” என்று கேட்கிறா. மூன்று பாத்திரத்தையும் பிள்ளைகள் மாறி மாறி நடித்தார்கள். இடையில் கைதட்டினால் எல்லாரும் அப்படியே சிலைபோல நிற்க வேண்டும். அப்போது “இப்ப வயித்துக்குள்ள என்ன செய்யுது?” என்று மட்டும் கேட்போம். “சுடுது.” “பட்டாம்பூச்சி.” “மூத்திரம் வருது.”

ஒரு விஷயத்தைப் பட்டுத்தான் பழகினோம். பொய் சொன்ன பிள்ளையாக நடித்தவனை நாடகம் முடிந்த பிறகும் “கள்ளன்” என்று கூப்பிட்டார்கள். அதன்பிறகு பாத்திரத்தின் பெயர் எழுதிய அட்டையைக் கழுத்தில் கொழுவினோம். முடிந்ததும் எல்லாரும் பார்க்கக் கழற்றி மேசையில் வைக்க வேண்டும்.

படத்துக்கு ஒரு தாளை மூன்றாக மடித்தோம். முதல் கட்டத்தில் நடந்தது. நடுக் கட்டத்தில் சொல்ல முன்னம் எப்படி இருந்தது. கடைசியில் சொன்ன பிறகு. பெயர் எழுதத் தேவையில்லை. தன் கதையைக் கீற விருப்பமில்லாதவர் கண்ணாடிக் கதையைக் கீறலாம். இல்லாவிட்டால் பிள்ளைகள் எங்களைச் சந்தோஷப்படுத்த இல்லாத குற்றத்தையும் உண்டாக்கிச் சொல்லுவார்கள். “ஏன் இப்படிச் செய்தனீங்கள்?” என்று கேட்பதில்லை. “படத்தில என்ன நடக்குது?” என்பதோடு சரி.

இந்தமுறை நடுக் கட்டங்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஒன்றில் கூரை முட்ட ஓர் அம்மா, காலடியில் புள்ளி அளவில் பிள்ளை. இன்னொன்றில் முழுக்கக் கறுப்பு. ஒரு பிள்ளை நடுக் கட்டம்வரை கீறிவிட்டுக் கடைசிக் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தது. “இன்னும் சொல்லேல்லை” என்றது.

எல்லாம் நல்லாய்ப் போகுது என்று நினைத்த இடத்தில்தான் நாங்கள் பிழைவிட்டோம். “இதை ஒருத்தருக்கும் காட்டமாட்டம்” என்று தொடக்கத்தில் சொல்லியிருந்தோம். பின்னேரம் பெற்றோர் கூட்டிப்போக வந்தபோது, படங்கள் வடிவாக இருக்கே என்று சுவரில் ஒட்டிவிட்டோம். ஒரு பொடியன் எங்களில் ஒருத்தியின் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

“அக்கா, ஒருத்தருக்கும் காட்டமாட்டம் எண்டெல்லோ சொன்னனீங்கள்?”

“அம்மாவைதானேடா, வேற ஆக்கள் இல்லையே” என்றாள் அவள். சொன்னவுடனேயே அது பூனைதான் என்று எங்கள் நாலுபேருக்கும் விளங்கியது. படங்களைக் கழற்றினோம். ஆனால் பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிட்டார்கள்.

அடுத்த சனி பாடத்தைத் தொடங்க முன்னம் பிள்ளைகளுக்கு முன்னால் இருந்து சொன்னோம்: “சொன்ன சொல்லை நாங்கள் காப்பாற்றேல்லை. கேட்டதுக்குச் சாட்டும் சொன்னனாங்கள். இப்ப என்ன செய்வம்?” கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கவில்லை. பிறகு அவர்களே தீர்மானித்தார்கள். படத்தை வைத்திருப்பதா, கிழிப்பதா, வீட்டுக்குக் கொண்டுபோவதா என்பது கீறினவரின் விருப்பம். இரண்டு பேர் கிழித்தார்கள்.

வாக்குறுதியையும் திருத்தினோம். “ஒருத்தருக்கும் காட்டமாட்டம்” என்பது எங்களால் முழுதாகக் காப்பாற்ற ஏலாத சொல். ஒரு படத்தில் பிள்ளைக்கு ஆரோ தீங்கு செய்வது தெரிந்தால் நாங்கள் பேசாமல் இருக்க முடியாது. இப்போது சொல்வது இதுதான்: “உங்களைக் கேக்காமல் காட்டமாட்டம். ஆனா உங்களுக்கு ஆரும் நோகப்பண்ணுகினம் எண்டு தெரிஞ்சா, உதவி செய்யக்கூடிய ஒரு பெரிய ஆளிட்டச் சொல்லுவம். சொல்ல முன்னம் உங்களுக்கும் சொல்லுவம்.”

இந்தப் பிள்ளைகள் வீட்டில் உண்மை பேசுகிறார்களா என்பது எங்களுக்குத் தெரிய வராது. நடிப்பில் சொன்னது நடிப்பில் சொன்னதுதான். அடிமட்டம் இன்னும் வீடுகளில் இருக்கிறது, அதை எடுக்கிற கைகள் இந்தப் பாடத்துக்கு வருவதில்லை. வருகிற மாதம் பெற்றோரைக் கூப்பிட்டு, அதே கண்ணாடிக் கதையில் அவர்களைப் பிள்ளையாக நடிக்கவிட யோசிக்கிறோம்.

அன்று கடைசியில் பிள்ளைகள் எங்கள் கையிலும் தாளைத் தந்தார்கள். மூன்றாக மடித்தோம். சுவரில் படம் ஒட்டியதை முதல் கட்டத்தில் கீறுவது லேசாக இருந்தது. நடுக் கட்டத்துக்கு வந்ததும் நாலுபேரும் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தோம்.