குக்கர் வெயிட் மாறிப்போன அந்த ஒரு வாரம்!

அந்த வீட்டில் ஒரு வாரமாக ஒரே புகார். பெரிய குக்கரில் வழக்கம்போல நாலு விசில் விட்டும் துவரம்பருப்பு வேகவில்லை. சின்னக் குக்கரிலோ விசில் வருவதற்கே நேரமானது. கேஸ்கட் ஓரத்தில் 'உஸ்' என்று சத்தம் வேறு. ''புதுப் பருப்பும்மா, அதான்'' என்றார் பாட்டி. பாவம், கடைக்காரருக்குத்தான் திட்டு விழுந்தது.

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் பேத்திக்குச் சந்தேகம் வேறு இடத்தில். இரண்டும் வேறு வேறு கம்பெனி குக்கர்கள். வெயிட்டுகளை ஒன்றாகக் கழுவி வைத்தபோது மாறியிருக்குமோ?

அவள் செய்தது இதுதான். சமையலறைத் தராசில் நிறுத்தாள்: சின்னக் குக்கரில் இருந்த வெயிட் 112 கிராம், பெரியதில் இருந்தது 86 கிராம். மூடியில் வெயிட் உட்காரும் குழாயின் வாயை, லேத் பட்டறை வைத்திருக்கும் மாமாவின் வெர்னியரால் அளந்தாள். சின்னதில் விட்டம் 3.3 மில்லிமீட்டர், பெரியதில் 3.8.

நீராவி வெயிட்டைத் தள்ளுவது அந்தத் துளியூண்டு ஓட்டை வழியாக மட்டுமே. அதனால் வெயிட்டின் எடையை ஓட்டையின் பரப்பால் வகுத்தால், எந்த அழுத்தத்தில் வெயிட் எழும்பும் என்று தெரிந்துவிடும். சின்னக் குக்கருக்கு ஆரம் 1.65, 1.65 × 1.65 × 3.14 என்றால் சுமார் 8.55 சதுர மில்லிமீட்டர். 112-ஐ அதால் வகுத்தால் 13.1 கிராம். இரண்டு குக்கர் புத்தகங்களிலும் போட்டிருந்ததோ, சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ. அதாவது, சதுர மில்லிமீட்டருக்கு 10 கிராம். இது 30 சதவிகிதம் கூடுதல்!

பெரிய குக்கரின் ஓட்டை 11.34 சதுர மில்லிமீட்டர். அதன்மேல் 86 கிராம் என்றால் 7.6தான். 120 டிகிரியில் வேக வேண்டிய பருப்பு 116 டிகிரியிலேயே நின்றிருக்கிறது. விசில் மட்டும் அவசரமாக வந்து எல்லோரையும் ஏமாற்றியது.

வெயிட்டுகளை மாற்றி வகுத்தாள். 86-ஐ 8.55-ஆல் வகுத்தால் 10.1, 112-ஐ 11.34-ஆல் வகுத்தால் 9.9. இரண்டும் புத்தகக் கணக்கோடு ஒட்டி வந்தன.

''ஸ்கேல் வெச்சு அளந்திருக்கலாமே?'' என்றார் அம்மா. அங்கேதான் சிக்கல். 3.3-ஐ 3 என்று படித்தால்கூட, அதே 86 கிராமுக்கு விடை 12-க்கு மேல் போய்விடும். விட்டத்தில் சின்னப் பிழை, பரப்பில் இரட்டிப்பாகும். இன்னொன்று: குழாயில் பருப்புத் தோல் அடைத்திருந்தால், சரியான வெயிட் போட்டும் பயனில்லை. நீராவி அதைத் தொடவே தொடாது. அப்புறம் சேஃப்டி வால்வுதான் கதி. அதனால் மூடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஓட்டை தெரிகிறதா என்று உறுதிசெய்த பிறகே அடுப்பில் ஏற்றினார்கள்.

அன்றைக்கு நாலு விசிலில் பருப்பு குழைந்தது. சின்னக் குக்கர் வெயிட்டின் தலையில் பாட்டி சிவப்பு நெயில் பாலிஷ் வைத்துவிட்டார்.