மாரிமுத்து சாப்பிட்டாச்சா?

போன வருடம் தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, பள்ளி வேனிலிருந்து இறங்கிய என் மகன் நேராக வீட்டுக்குள் வரவில்லை. சட்டைக்குள் எதையோ மறைத்தபடி கேட்டருகே நின்றான். சட்டையெல்லாம் சேறு. கிள்ளானில் எங்கள் தாமானுக்குப் பின்னால் ஒரு பெரிய கால்வாய் ஓடுகிறது. அன்று மதியம் மழை கொட்டியதில் கரையோரம் ஒதுங்கிக் கிடந்ததாம். உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அடங்கிவிடும் அளவுக்கு ஒரு பழுப்பு நாய்க்குட்டி.

"ஒரு ராத்திரி மட்டும்ப்பா" என்றான். எட்டு வயதுப் பிள்ளை கேட்கும்போது யாரால் மறுக்க முடியும்? பழைய துண்டு ஒன்றை விரித்துப் படுக்க வைத்தோம். மறுநாள் காலை காப்பி கலக்கிக்கொண்டிருந்தபோது பின்கட்டிலிருந்து குரல் கேட்டது. "மாரிமுத்து, இங்க வா! மாரிமுத்து, அதைக் கடிக்காதே!"

என் மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். ஹாலில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. மாரிமுத்து என் அப்பாவின் பெயர். அவர் போய் அப்போது பதினோரு மாதம்தான் ஆகியிருந்தது. முதல் திவசம்கூட வரவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் அண்ணனுக்குச் செய்தி எப்படிப் போனதோ தெரியாது. அன்று மாலையே வந்துவிட்டார். கே.எல். செண்ட்ரலில் கொமுட்டர் ஏறிக் கிள்ளான் வருவதற்கு அவருக்குச் சாதாரணமாக ஒரு மாதம் ஆகும். வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"அப்பா பேரை நாய்க்கா வைப்பீங்க? உனக்குத் தெரியுமாடா, அவரை எத்தனை பேர் அப்படிக் கூப்பிட்டிருக்கான்னு?"

எனக்குத் தெரியாதுதான். அப்பா ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்தவர். நாங்கள் ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸில் வளர்ந்தோம். அந்தப் பழைய வரிசை வீடுகள் இப்போது இல்லை. அண்ணனுக்குப் பத்து வயதிருக்கும்போது அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோயிருக்கிறார். அங்கே ஒரு மேலாள், எல்லார் முன்னாலும், "நாயே, காது கேக்கலையா?" என்று அப்பாவைக் கத்தியிருக்கிறான். அப்பா தலையைக் குனிந்துகொண்டு சம்மட்டியை எடுத்தாராம். திரும்பி வரும் வழியெல்லாம் அண்ணன் அழுதுகொண்டே வந்திருக்கிறார். இதை அவர் அன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவுக்கே அன்றுதான் தெரியும்.

நான் மகனைக் கூப்பிட்டு, கொஞ்சம் கடுமையாகவே, ஏன் இந்தப் பேர் என்று கேட்டேன். அவன் பயப்படவில்லை. பள்ளியில் ஆசிரியை சொன்னாராம். 'பெயரன்' என்ற சொல்தான் 'பேரன்' ஆனது, தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்று அர்த்தம்.

"நான் பேரன்தானே? எனக்கு ஏன் தாத்தா பேரு இல்லை? அக்காங்களுக்கும் இல்லை. யாருக்கும் இல்லைன்னா தாத்தா பேரு எங்க போவும்? அதான் இவனுக்கு வச்சேன்."

அக்காங்க என்றால் அண்ணனின் இரண்டு பெண்கள். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மகன் பிறந்தபோது எண்கணிதம் பார்த்து, இரண்டு எழுத்தைக் கூட்டி ஒரு எழுத்தைக் குறைத்து, கேட்டால் எந்த நாட்டுப் பெயர் என்று புரியாத ஒன்றை நான்தான் வைத்தேன். அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். நாக்குப் புரளவில்லை. "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். நம் நாட்டில் குடும்பப் பெயர் என்று ஒன்று நமக்குக் கிடையாது. அடையாள அட்டையில் நம் பெயர், அடுத்து 'அனாக் லெலாக்கி', அடுத்து அப்பா பெயர், அவ்வளவுதான். என் அட்டையில் மாரிமுத்து இருக்கிறார். என் மகன் அட்டையில் நான் இருக்கிறேன். எங்கள் இருவர் அட்டையும் இல்லாமல் போகும் நாளில் அவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. இதை நான் அதுவரை யோசித்ததே இல்லை.

அண்ணனுக்கு எங்கள் தாத்தாவின் பெயர். ஆனால் மாமனார் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று அம்மா அவரை இன்றுவரை 'பெரியவனே' என்றுதான் கூப்பிடுகிறார். திட்டும்போதுகூட அந்தப் பெயர் வராது. அந்தக் காலத்தில் பெயர் வைத்தால் அதற்கு இவ்வளவு காவல் இருந்தது. நாய்க்கு வைத்தால்? செருப்பைக் கடித்தால் திட்ட வேண்டும், மேசைமேல் ஏறினால் விரட்ட வேண்டும். என் மனைவி மாமனார் பெயரைச் சொல்லி எப்படி "ச்சீ, போ" என்பாள்?

"முத்துன்னு வச்சுக்க" என்றார் அண்ணன் கடைசியில். மகன் சம்மதிக்கவில்லை. அவர் அடுத்த ரயிலில் போய்விட்டார்.

இதற்கிடையில் குட்டிக்கு வயிற்றுப்போக்கு. அம்மா இரக்கப்பட்டுப் பசும்பால் ஊற்றியிருக்கிறார். கால்நடை கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மருத்துவர் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். பால்பல் முளைத்திருந்ததால் ஆறு வாரம் தாண்டியிருக்கும் என்றார். ஈறு வெளுத்திருந்தது. வயிற்றில் பூச்சி, உடம்பில் உண்ணி. பசும்பால் நாய்க்குட்டிக்குச் செரிக்காது, வேகவைத்த கோழியும் சோறும் குழைத்துக் கொடுங்கள் என்றார். பூச்சி மருந்து இப்போதே. வயிறு சரியானதும் முதல் தடுப்பூசி. பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக, நான்கு மாதம் ஆகும்வரை. அதுவரை தெருவில் இறக்கிவிடக்கூடாது, பார்வோ வைரஸ் மண்ணிலேயே மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், வாந்தியும் ரத்தம் கலந்த பேதியும் கண்டால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள் என்றார்.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. உள்ளே போவதற்கு முன், காத்திருக்கும் இடத்தில் நடந்தது. கவுண்டரில் இருந்த சீனப் பெண் அட்டையைப் பார்த்து, எழுத்துக்கூட்டி, உரக்கக் கூப்பிட்டாள். "மாரி... முத்து!"

நான் சட்டென்று எழுந்து நின்றுவிட்டேன். அப்பாவின் கடைசி இரண்டு வருடமும் இப்படித்தான். ஆஸ்பத்திரியில் பெயர் கூப்பிட்டதும் எழுந்து சக்கர நாற்காலியைத் தள்ளுவேன். கை தானாக நாற்காலியின் பிடியைத் தேடியது. மடியிலிருந்த குட்டியை மகன் வாங்கிக்கொண்டான். "அப்பா, நம்மளைத்தான் கூப்பிடுறாங்க" என்றான்.

அந்தப் பெயரை அப்படி உரக்கச் சொல்லி யாரும் கூப்பிட்டுக் கேட்டு பதினோரு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் அவரைப் பற்றிப் பேசாத நாளில்லை, ஆனால் எல்லாம் 'அப்பா', 'தாத்தா', 'அவங்க'.

திவசத்துக்கு அண்ணன் குடும்பத்தோடு வந்தார். படையல் முடிந்து காக்கைக்குச் சோறு வைத்தார். குட்டி அவர் வேட்டியை இழுத்தது. பெயர் சொல்லவில்லை. "உங்க நாயைப் பிடிடா" என்றார். ஆனால் போகும்போது கார் பூட்டிலிருந்து ஒரு மூட்டை நாய்த் தீனியை இறக்கிவைத்துவிட்டுப் போனார். அவர் இன்னும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. நானும் வற்புறுத்துவதில்லை. சாப்பாட்டுத் தூக்கோடு அங்கே நின்றது அவர், நானில்லை.

மகன் மட்டும் தினமும் பள்ளிவிட்டு வந்ததும் கேட்டிலிருந்தே கேட்பான், "மாரிமுத்து சாப்பிட்டாச்சா?" என் மனைவி 'குட்டி' என்று சமாளிக்கிறாள்.

அம்மாதான் ரொம்ப நாள் எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே இருந்தார். ஐம்பது வருடம் புருஷன் பெயரைச் சொல்லாத வாய். போன வாரம் இரவு பின்கட்டில் தட்டுச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். கோழிச்சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு, இருட்டைப் பார்த்து அம்மா கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இந்தாங்க... உங்களைத்தான். சோறு ஆறுது, வாங்க."

மாமரத்தடியிலிருந்து வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது.